மேற்கோளுக்குள் சிக்கிய வரம்பு: SUMIF நிபந்தனையில் ஒப்பீட்டுக் குறியையும் செல் மதிப்பையும் இணைத்தல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சரக்குக் கிடங்கின் எடைப் பதிவேட்டைப் பார்த்துத் தருமாறு என்னிடம் கேட்டார்கள். எக்செல்லில் இருந்த அந்தத் தாளின் A நெடுவரிசையில் தேதியும், B நெடுவரிசையில் ஒவ்வொரு பெட்டியின் எடையும் கிலோவில் பதிவாகி வந்தன. E1 செல்லில் 25 என்ற வரம்பு தட்டச்சிடப்பட்டிருந்தது. அந்த வரம்பைத் தாண்டும் பெட்டிகளை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. வரம்புக்கு மேற்பட்ட பெட்டிகளின் மொத்த எடையைக் கொண்டே அடுத்த வாரத்துக்கு எத்தனை ஆட்களைக் கூடுதலாக அமர்த்துவது என்று முடிவெடுத்தார்கள். அந்த மொத்தம் தொடர்ந்து பல வாரங்களாகச் சுழியம் என்றே காட்டிக்கொண்டிருந்தது.

சுழியம் என்பது நம்பத்தகாத விடை அன்று என்பதுதான் இந்த நிகழ்வின் சிக்கல். கனமான பெட்டிகள் வராத வாரங்களும் உண்டு என்பதால், எவரும் அதைப் பிழை என்று எண்ணவில்லை. திரையில் பிழைச் செய்தி எதுவும் தோன்றவில்லை. இறுதியில் தூக்கும் பணியில் இருந்த ஒருவர்தான், "சார், நேத்து நாப்பது கிலோ பெட்டிய நான் ஒருத்தனே தூக்கினேன், இங்க சைபர்னு இருக்கே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தாளைத் திறந்து சூத்திரத்தைப் பார்த்தார்கள்.

ஆய்வுக்காக ஒரு வாரத்தின் பத்துப் பதிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். B2 முதல் B11 வரை இருந்த எடைகள் முறையே 12, 31.5, 25, 18, 40, 25, 22.5, 9, 27, 20 ஆகும். இவற்றின் கூட்டுத்தொகை 230. வரம்பைத் தாண்டியவை 31.5, 40, 27 ஆகிய மூன்று மட்டுமே என்பதால் வரவேண்டிய விடை 98.5. தாளில் இருந்த சூத்திரமோ இதுதான்:

```
=SUMIF(B2:B11,">E1")
```

சூத்திரம் எதைப் படித்தது

இதை எழுதியவரின் எண்ணவோட்டம் எளிதில் புரிகிறது. `=IF(B2>E1,"கனம்","")` என்று எழுதும்போது மேற்கோள் குறி ஏதுமின்றி ஒப்பீடு வேலை செய்கிறது. அதே பழக்கத்தில் `=SUMIF(B2:B11,>E1)` என்று எழுதினால் எக்செல் அதை ஏற்க மறுக்கிறது. ஒப்பீட்டுக் குறியை மேற்கோளுக்குள் இட வேண்டும் என்பதை எங்கோ கண்டவர், குறியோடு சேர்த்து E1 என்பதையும் உள்ளே இட்டுவிட்டார். மறுப்பு நின்றது, ஒரு விடையும் கிடைத்தது. எனவே சூத்திரம் சரியாகிவிட்டதாக அவர் கருதியதில் வியப்பில்லை.

ஆனால் SUMIF-இன் நிபந்தனை என்பது IF-இல் வரும் ஒப்பீட்டைப் போன்றதன்று. IF-இல் ஒப்பீட்டை எக்செல் முதலில் செய்து முடித்து, உண்மை அல்லது பொய் என்ற விடையைத்தான் ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. SUMIF-இல் ஒப்பீடு இன்னும் நடக்கவில்லை. எப்படி ஒப்பிட வேண்டும் என்ற குறிப்பு ஒரு சிறு உரையாக ஃபங்ஷனிடம் செல்கிறது. ஃபங்ஷன் அந்த உரையைத் தானே படித்து, தொடக்கத்தில் உள்ள குறியைப் பிரித்தெடுத்து, மீதமுள்ள பகுதி எண்ணா, தேதியா, வெறும் எழுத்துகளா என்று பார்த்து, அதன்பின் ஒவ்வொரு செல்லுடனும் ஒப்பிடுகிறது. இந்த நிகழ்வில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை, நிபந்தனை உரையாகச் செல்கிறது என்ற இந்த ஒரே இயல்பிலிருந்துதான் கிளைத்திருந்தன.

மேற்கோளுக்குள் உள்ள E1 ஒரு செல்லைச் சுட்டுவதில்லை. E என்ற எழுத்தும் 1 என்ற இலக்கமும் சேர்ந்த வெறும் உரையாகவே அது நிற்கிறது. எனவே ஃபங்ஷன் தேடியது, அகர வரிசையில் "E1" என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் உரைகளை. எண்களைக் கொண்ட செல்கள் இந்தத் தேடலில் சேரவே மாட்டா என்பதால் சுழியம் வந்தது. இதை உறுதிசெய்ய, தலைப்பு செல்லையும் சேர்த்து `=COUNTIF(B1:B11,">E1")` என்று எழுதிப் பார்த்தேன். பத்து எடைகளில் ஒன்றும் கணக்கில் வராமல், "எடை" என்ற தலைப்பு மட்டும் எண்ணப்பட்டு 1 என்ற விடை வந்தது. எண்ணை எதிர்பார்த்த இடத்தில் தலைப்பு எண்ணப்படுமானால், ஒப்பீடு எழுத்துகளுக்கு இடையே நடக்கிறது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளலாம்.

`">&E1"` என்று இணைப்புக் குறியையும் மேற்கோளுக்குள் இட்டுவிடுவது இதன் உடன்பிறப்பு. அங்கும் `&E1` என்பது மூன்று எழுத்துக்குறிகள் கொண்ட உரைதான். விடை அதே சுழியம்.

முதல் திருத்தமும் அது தந்த அடுத்த தவறும்

அலுவலகத்தில் ஒருவர் இதை ஏற்கெனவே ஒருமுறை திருத்தியிருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. தாளின் வேறொரு பிரதியில் அவர் `=SUMIF(B2:B11,">25")` என்று எழுதியிருந்தார். விடை 98.5 என்று சரியாகவே வந்தது. ஆனால் வரம்பு சூத்திரத்துக்குள் புதைந்துவிட்டது. பின்னர் விதி மாறி E1 செல்லில் 20 என்று திருத்தப்பட்டபோது, மொத்தம் 171 ஆக உயர்ந்திருக்க வேண்டும்; அதுவோ 98.5-இலேயே நின்றது. பார்ப்பவர் கண்ணுக்கு E1-இல் 20 என்றும், அதன் கீழே 98.5 என்றும் தெரியும்போது, இரண்டும் தொடர்புடையவை என்றே தோன்றும். சுழியத்தைக் காட்டிலும் இந்தப் பிழை கடுமையானது என்பது என் கருத்து. சுழியத்தையாவது ஒருவர் கேள்வி கேட்கக்கூடும். பொருத்தமாகத் தெரியும் ஓர் எண்ணை எவரும் கேள்வி கேட்பதில்லை.

சரியான வடிவம், குறியை மட்டும் மேற்கோளுக்குள் வைத்து, செல்லை வெளியே விட்டு, இரண்டையும் `&` குறியால் இணைப்பதே ஆகும்:

```
=SUMIF($B$2:$B$11,">"&$E$1)
```

இங்கே நடப்பது இரண்டு கட்டங்கள். முதலில் எக்செல் E1-இன் மதிப்பை எடுத்து, அதை உரையாக்கி, `>` குறியுடன் ஒட்டி `>25` என்ற உரையை உருவாக்குகிறது. அடுத்து SUMIF அந்த உரையைப் படித்து, 25 என்பதை மீண்டும் எண்ணாக்கி ஒப்பிடுகிறது. E1 மாறும்போது உரையும் புதிதாக உருவாகும். டாலர் குறிகள், சூத்திரத்தைக் கீழே இழுத்து நகலெடுக்கும்போது வரம்பு E2, E3 என்று நழுவிவிடாமல் இருப்பதற்காக இடப்பட்டவை.

நிபந்தனை எப்படி உருவாகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு, அருகில் உள்ள ஒரு காலி செல்லில் `=">"&E1` என்று எழுதிவிட்டால் போதும். `>25` என்று அங்கே தெரிவதுதான் ஃபங்ஷனின் கைக்குப் போகும் உரை. சூத்திரப் பட்டியில் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து F9 விசையை அழுத்தியும் இதைப் பார்க்கலாம். பார்த்த பிறகு Esc அழுத்தி வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் சூத்திரத்தில் அந்த மதிப்பே நிலையாகப் பதிந்துவிடும். இந்த ஆய்வில் எனக்கு மிகுதியாக உதவியது இந்த எளிய சோதனைதான்.

எல்லையில் நின்ற இரண்டு பெட்டிகள்

பதிவுகளில் சரியாக 25 கிலோ எடையுள்ள பெட்டிகள் இரண்டு உள்ளன. `">"` என்றால் அவை சேராது, மொத்தம் 98.5. `">="` என்றால் சேரும், மொத்தம் 148.5. எது சரி என்பதைச் சூத்திரம் சொல்லாது. விதியை எழுதியவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். நான் கேட்டபோது, 25 கிலோ வரை ஒருவர் தூக்கலாம் என்று விடை வந்தது. எனவே `">"` என்பதையே வைத்துக்கொண்டோம்.

அதே தாளில் இலகுவான பெட்டிகளுக்கு இன்னொரு மொத்தமும் இருந்தது. அதில் `"<"&E1` என்று எழுதப்பட்டிருந்ததால் 81.5 கிடைத்தது. கனமானவை 98.5, இலகுவானவை 81.5, இரண்டும் சேர்ந்து 180. ஆனால் எல்லாப் பெட்டிகளின் எடையும் 230. விடுபட்ட 50 கிலோ, எல்லையில் நின்ற அந்த இரண்டு பெட்டிகளுடையது. அவை எந்தப் பக்கத்திலும் சேர்க்கப்படவில்லை. `"<="&E1` என்று மாற்றியதும் இலகுவானவை 131.5 ஆகி, கூட்டுத்தொகை 230-ஐ எட்டியது. ஒரு பக்கம் `>` என்றால் மறுபக்கம் `<=` என்றுதான் இருக்க வேண்டும். இரு மொத்தங்களின் கூட்டையும் SUM விடையையும் ஒப்பிடும் ஒரு செல்லைத் தாளிலேயே நிரந்தரமாக வைத்தோம்.

விதி மாறும்போது குறியும் மாறக்கூடும் என்பதால், குறியையே ஒரு செல்லில் வைக்க முடியுமா என்று அங்கிருந்தவர் கேட்டார். முடியும். D1 செல்லில் `>` அல்லது `>=` என்பதை வைத்து `=SUMIF($B$2:$B$11,$D$1&$E$1)` என்று எழுதினால், இரண்டு செல்களும் ஒட்டி அதே நிபந்தனை உருவாகிறது. ஆனால் முதல் நாளே D1-இல் ஒருவர் `=>` என்று தட்டச்சிட முயன்றார். ஒப்பீட்டுக் குறிகளில் சமக்குறி பின்னால்தான் வர வேண்டும். உருவாகும் உரை `=>25` என்று இருந்தால், ஃபங்ஷன் முதலில் வரும் `=` என்பதைக் குறியாக எடுத்துக்கொண்டு, மீதமுள்ள `>25` என்ற உரைக்குச் சமமான செல்லைத் தேடும். அப்படி ஒரு செல் இருக்காது என்பதால் மீண்டும் சுழியமே வரும். ஆகவே D1-இல் தரவுச் சரிபார்ப்பு வசதியின் மூலம் இரண்டு குறிகள் மட்டுமே கொண்ட தேர்வுப் பட்டியலை அமைத்துவிட்டேன்.

வரம்பு செல்லில் தெரிவதும் இருப்பதும்

இணைப்புக் குறி ஒரு செல்லின் தோற்றத்தை எடுப்பதில்லை, அதன் உள்மதிப்பையே எடுக்கிறது. இது இரண்டு விதமாக வெளிப்பட்டது.

முதலாவது, ஒரு கட்டத்தில் E1 ஒரு கணக்கீட்டின் விளைவாக 24.6 என்ற மதிப்பைப் பெற்றிருந்தது. செல்லின் வடிவமைப்பில் தசம இடங்கள் மறைக்கப்பட்டிருந்ததால் திரையில் 25 என்றே தெரிந்தது. `>` குறி இருந்தும் 25 கிலோப் பெட்டிகள் கணக்கில் சேர்ந்ததைக் கண்டு ஃபங்ஷன் தவறுகிறதோ என்று ஐயுற்றார்கள். அருகில் இட்ட சோதனைச் செல் `>24.6` என்று காட்டியதும் ஐயம் தீர்ந்தது.

இரண்டாவது, யாரோ ஒருவர் பார்ப்பவருக்கு விளங்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் E1-இல் `25 கிலோ` என்று அலகையும் சேர்த்துத் தட்டச்சிட்டார். நிபந்தனை `>25 கிலோ` என்று ஆகிவிட்டது; அது எண்ணாக மாறாது என்பதால் ஃபங்ஷன் எழுத்து ஒப்பீட்டுக்குத் தாவி, சுழியத்தைத் தந்தது. அலகு கண்ணில் தெரிய வேண்டுமென்றால் செல்லில் 25 என்ற எண்ணை மட்டும் வைத்து, எண் வடிவமைப்பில் `0.0" கிலோ"` என்று கொடுத்துவிடலாம். அப்போது திரையில் அலகு தெரியும். உள்ளே எண் மட்டுமே இருக்கும். தசம இடம் ஒன்றை வடிவமைப்பிலேயே விட்டுவைத்தது, முன் சொன்ன 24.6 போன்ற மதிப்பு மறைந்துகொள்ளக் கூடாது என்பதற்காக.

E1 காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதும் கேட்கப்பட்டது. காலி செல்லை ஒட்டினால் ஒன்றும் ஒட்டாது. நிபந்தனை வெறும் `>` என்ற குறியாக நிற்கும். இதைச் "சுழியத்தை விடப் பெரிய" என்று ஃபங்ஷன் எடுத்துக்கொள்ளும் என நம்புவது தவறு. மற்ற குறிகளில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும்: தனித்து நிற்கும் `=` காலி செல்களையும், தனித்து நிற்கும் `<>` காலியல்லாத செல்களையும் குறிக்கும் தனிப்பொருள் கொண்டவை. எனவே எண் இல்லாத வரம்பைக் கணக்கிடவே விடாமல் தடுத்துவிடுவதே நல்லது:

```
=IF(ISNUMBER($E$1),
 SUMIF($B$2:$B$11,$D$1&$E$1),
 "வரம்பு எண்ணாக இல்லை")
```

காலி செல்லும், அலகு சேர்த்த உரையும் இந்த ஒரே தடுப்பில் சிக்கிக்கொள்கின்றன. பல வாரங்கள் கண்ணில் படாமல் இருந்த சுழியத்துக்குப் பதிலாக இனி ஒரு வாக்கியம் நிற்கும்.

உரையாகும்போது உதிரும் இலக்கங்கள்

இதுவரை சொன்னவை கவனத்தால் தவிர்க்கக்கூடியவை. இனிச் சொல்வது, சூத்திரம் முற்றிலும் சரியாக எழுதப்பட்டிருந்தும் நேர்ந்தது. இந்த ஆய்வில் எனக்கு நெடுநேரம் பிடித்ததும் இதுவே.

இன்னொரு வாரத்தின் பதிவில், 62 கிலோ சரக்கு ஒன்று மூன்று சமமான பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மூன்று செல்களிலும் `=62/3` என்று எழுதியிருந்தார்கள். அந்த வாரம் வரம்பும் அதே பெட்டியின் எடையாக இருக்க வேண்டும் என்று முடிவாகி, E1-இலும் `=62/3` என்றே எழுதப்பட்டது. குறி `>=`. நான்கு செல்களிலும் இருப்பது ஒரே கணக்கின் ஒரே விடை என்பதால், மூன்று பெட்டிகளும் மொத்தத்தில் சேர வேண்டும். மொத்தத்திலோ 62 கிலோ குறைந்தது.

காரணம், எண் உரையாக மாறும் அந்த முதல் கட்டத்தில் இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணை உரையாக்கும்போது, அதிக அளவாகப் 15 முக்கிய இலக்கங்களை மட்டுமே எழுதுகிறது. 62-ஐ 3-ஆல் வகுத்தால் 20.666 என்று முடிவின்றி நீளும். உரையில் அது `20.6666666666667` என்று கடைசி இலக்கம் மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டு நிற்கிறது. பெட்டியின் செல்லில் உள்ள எண்ணோ உரையாகவில்லை. அது கணினியின் இருமை வடிவில், இந்த உரை எண்ணை விட மிக நுண்ணிய அளவு குறைவாக இருக்கிறது. நிபந்தனை உரை மீண்டும் எண்ணாகும்போது வரம்பு இம்மியளவு உயர்ந்துவிடுவதால், அதற்குச் சமமாக இருக்க வேண்டிய செல் அதைவிடக் குறைவாகிப்போகிறது. `>=` அதை வெளியே தள்ளிவிடுகிறது.

வகுபடும் எண்ணைப் பொறுத்து இதன் திசையும் மாறும். 61-ஐ 3-ஆல் வகுத்தால் 20.333 என்று நீளும். உரையில் `20.3333333333333` என்று கீழ்நோக்கி வெட்டுப்படும். அப்போது வரம்பு இம்மியளவு தாழ்ந்து, `>` என்று எழுதினாலும் சமமான பெட்டிகள் சேர்ந்துவிடக்கூடும். ஒரு வாரம் விடுபடுகிறது, மறு வாரம் மிகையாகிறது என்ற இந்த ஒழுங்கின்மைதான் பார்ப்பவரைக் குழப்புகிறது. வரம்பைச் சராசரியாகக் கணக்கிடும் தாள்களிலும், நேரத்தைப் பின்னமாக வைத்திருக்கும் தாள்களிலும் இதே நிலை தோன்றக்கூடும்.

இதைக் கண்டறிய, உரையாக்காமல் நேரடியாக ஒப்பிடும் இன்னொரு வழியை அருகில் வைத்துப் பார்த்தேன்:

```
=SUMPRODUCT(--($B$2:$B$11>=$E$1),$B$2:$B$11)
```

இங்கே ஒப்பீடு எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையே நடக்கிறது. இடையில் உரை என்ற படி இல்லை. SUMIF-இன் விடையும் இதன் விடையும் வேறுபட்டால், எல்லையில் நிற்கும் ஏதோ ஒரு மதிப்பு உரை மாற்றத்தில் இடம் மாறியிருக்கிறது என்று ஐயுறலாம். ஒரு கவனிப்பு: B நெடுவரிசையில் எழுத்துகள் கலந்திருந்தால், நேரடி ஒப்பீட்டில் உரை எப்போதும் எண்ணைவிடப் பெரியதாகவே கொள்ளப்படும், ஆனால் மேலே உள்ளபடி இரண்டு பகுதிகளையும் காற்புள்ளியால் பிரித்து எழுதினால், கூட்டும்போது உரை சுழியமாகவே மதிக்கப்படும் என்பதால் மொத்தம் கெடாது. பெருக்கல் குறியிட்டு எழுதினால் `#VALUE!` வந்து நிற்கும்.

தீர்வு, பிரித்த எடையைப் பதியும் இடத்திலேயே `=ROUND(62/3,2)` என்று 20.67 ஆக்கிவிடுவதும், வரம்பையும் அதே அளவுக்கு முழுமையாக்குவதும் ஆகும். இரண்டையும் செய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வரம்பை மட்டும் முழுமையாக்கினால் 20.67 என்ற வரம்பின் கீழே 20.666 என்று நீளும் பெட்டிகள் மறுபடியும் விடுபடும். முன்பு இம்மியளவு இருந்த இடைவெளியை நாமே பெரிதாக்கியதாகிவிடும். கிடங்கின் தராசு இரண்டு தசம இடங்களுக்கு மேல் காட்டுவதில்லை என்பதால், இந்த முழுமையாக்கலில் உண்மையான தகவல் எதுவும் இழக்கப்படவில்லை. மூன்று பெட்டிகளின் கூட்டு 62.01 ஆகிறதே என்று ஒருவர் கேட்டார். அது உண்மைதான், மூலச் சரக்கின் எடை துல்லியமாக வேண்டிய இடத்தில் மூன்றாவது பெட்டிக்கு 20.66 என்று எழுதலாம். அப்படி எழுதினால் அந்தப் பெட்டி 20.67 என்ற வரம்புக்குக் கீழே போய்விடும் என்பதையும் ஏற்றுக்கொண்டே எழுத வேண்டும்.

தேதி வரம்புகள்

கடைசியாக, குறிப்பிட்ட இரு தேதிகளுக்கு இடைப்பட்ட கனமான பெட்டிகளின் மொத்தமும் வேண்டும் என்றார்கள். தொடக்கத் தேதி E3-இலும் முடிவுத் தேதி E4-இலும் இருந்தன. தேதியை இணைக்கும்போது அது `>=45292` என்பது போன்ற எண்ணாக மாறுவதைச் சோதனைச் செல்லில் கண்டு, சூத்திரம் கெட்டுவிட்டது என்று கருதி, ஒருவர் `TEXT` ஃபங்ஷனைக் கொண்டு தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எழுதி இணைத்திருந்தார். அது தேவையில்லாதது, ஆபத்தானதும்கூட. எக்செல் தேதியை நாள் எண்ணாகவே வைத்திருக்கிறது. 45292 என்பது 2024 ஜனவரி 1. எண்ணாக இணைத்தால் அதைப் படிப்பதில் இரண்டு பொருள் கொள்ள இடமில்லை. எழுத்தாக இணைத்தால், கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்படலாம்.

பல நிபந்தனைகள் வேண்டியிருப்பதால் SUMIFS-க்கு மாறினோம். அதில் கூட்ட வேண்டிய நெடுவரிசை முதலில் வரும். SUMIF-இல் அது இறுதியில் வருவது. பழக்கத்தில் இந்த வரிசையை மாற்றி எழுதிவிடுவது எளிது.

```
=SUMIFS($B$2:$B$11,
 $A$2:$A$11,">="&$E$3,
 $A$2:$A$11,"<"&$E$4+1,
 $B$2:$B$11,">"&$E$1)
```

முடிவுத் தேதிக்கு `"<="&E4` என்று எழுதாமல் `"<"&E4+1` என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பதிவேட்டில் தேதியோடு நேரமும் பதிவாகியிருந்தது. தேதி மட்டும் உள்ள E4, அந்த நாளின் நள்ளிரவுத் தொடக்கத்தையே குறிக்கிறது. காலை 10 மணிக்கு வந்த பெட்டி அதைவிடப் பெரிய எண் என்பதால் `<=` அதை விட்டுவிடும். கடைசி நாள் முழுவதும் இப்படித்தான் விடுபட்டுக்கொண்டிருந்தது. அடுத்த நாளின் தொடக்கத்துக்கு முன்பு என்று எழுதினால் நாள் முழுவதும் உள்ளே வரும். இங்கே அடைப்புக்குறி இடாமல் `E4+1` என்று எழுதலாம், ஏனெனில் கூட்டல் முதலில் நடந்து, இணைப்பு அதன் பிறகே நடக்கிறது.

சரிபார்ப்பின் கண்ணுக்குத் தெரியாத செல்கள்

எல்லாம் திருத்தியபின், மேலும் கீழுமான மொத்தங்களின் கூட்டு SUM விடையோடு பொருந்துவதைக் கண்டு வேலை முடிந்தது என்று எண்ணினேன். ஆனால் வேறொரு வாரத்தில், வேறு நிரலிலிருந்து ஒட்டப்பட்ட சில எடைகள் எண்ணாக இல்லாமல் உரையாகப் பதிந்திருந்தன. செல்லின் இடப்புறம் ஒட்டிக்கொண்டு நிற்பது அவற்றின் அடையாளம். `>` போன்ற குறிகள் கொண்ட நிபந்தனை, 40 என்ற உரையை 25-ஐ விடப் பெரிய எண்ணாகக் கொள்வதில்லை. அதே நேரத்தில் SUM-உம் அந்த உரையைக் கூட்டுவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே செல்களை விட்டுவிடுவதால், என் சரிபார்ப்புச் செல் பொருத்தம் என்றே காட்டிக்கொண்டிருந்தது.

இதைப் பிடிப்பதற்கு எடையின் மொத்தத்தைப் பார்ப்பது போதாது. எத்தனை செல்கள் என்பதைப் பார்க்க வேண்டும். `=COUNTA($B$2:$B$11)-COUNT($B$2:$B$11)` என்ற சூத்திரம், நிரம்பியிருந்தும் எண்ணாக இல்லாத செல்களின் எண்ணிக்கையைத் தரும். அந்த வாரத்தில் அது 3 என்று காட்டியது. அம்மூன்றையும் எண்ணாக்கியதும் கனமான பெட்டிகளின் மொத்தம் உயர்ந்தது. இப்போது அந்த எண்ணிக்கை வரம்பு செல்லுக்கு அருகிலேயே, E2-இல் இருக்கிறது. அது சுழியமாக இல்லாத வாரத்தில் மேலே உள்ள மொத்தத்தை எடுத்து ஆட்களை அமர்த்துவதில்லை என்று பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவரும் தூக்கும் பணியாளரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.